ஹெயாவகே: மூன்றாவது அறைக்குள் நுழையாத வெள்ளைக் கோடு

ஹெயாவகே என்பது கட்டங்களுக்குக் கறுப்பு தீட்டி விடுவிக்கும் ஜப்பானியப் புதிர். சுடோகுவைப் பரப்பிய நிக்கோலி பதிப்பகத்தின் இதழில் 1992இல் இது முதன்முதலாக வெளிவந்தது. புதிர்ச் சதுரம் தடித்த கோடுகளால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சில அறைகளில் ஓர் எண் இருக்கும். சிலவற்றில் எதுவும் இருக்காது. எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

விதிகள் நான்கு. எண் உள்ள அறையில் அத்தனை கறுப்புக் கட்டங்கள் இருக்க வேண்டும், கூடவோ குறையவோ கூடாது. எண் இல்லாத அறையில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு கறுப்புக் கட்டங்கள் பக்கத்தில் பக்கமாகவோ மேலும் கீழுமாகவோ ஒட்டக்கூடாது. மூலைக்கு மூலை தொடலாம். வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடன் இருக்க வேண்டும். ஒன்றுகூடத் தனித்துச் சிறைப்படக்கூடாது. நான்காவது விதிதான் ஹெயாவகேவுக்கே உரியது: குறுக்காகவோ நெடுக்காகவோ நேராகச் செல்லும் வெள்ளைக் கட்டங்களின் வரிசை, இடையில் கறுப்பே இல்லாமல் மூன்று அறைகளுக்குள் நீளக்கூடாது.

இந்த நான்காவது விதியில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். வரிசையில் எத்தனை கட்டங்கள் என்பது இங்கே கணக்கே இல்லை. ஒரே அறைக்குள் எட்டு வெள்ளைக் கட்டங்கள் நீண்டு கிடந்தாலும் தவறில்லை. ஆனால் நடு அறை ஒரே கட்ட அகலம் என்றால், வெறும் மூன்று வெள்ளைக் கட்டங்களே விதியை மீறிவிடும். எண்ண வேண்டியது கட்டங்களை அல்ல, தாண்டிய தடித்த கோடுகளை. ஒரு கோட்டைத் தாண்டலாம். இரண்டாவதைத் தாண்டுவதற்குள் ஒரு கறுப்பு வந்தாக வேண்டும்.

இதனால் பூஜ்யம் எழுதிய அறை, பார்ப்பதற்கு வெறுமையாக இருந்தாலும், நிறையச் சொல்லும். ஒரு பெரிய புதிரின் இடது மேல் மூலையை எடுத்துக்கொள்வோம். முதல் நெடுவரிசையின் மேல் மூன்று கட்டங்கள் ஓர் அறை. அதன் எண் 1. அடுத்த இரண்டு நெடுவரிசைகளில் மூன்று வரிசை உயரத்துக்கு ஓர் அறை. அதன் எண் 0. நான்காவது நெடுவரிசையின் மூன்று கட்டங்கள் எண் இல்லாத ஓர் அறை. ஐந்தாவது நெடுவரிசையில் வேறொரு அறை தொடங்குகிறது.

பூஜ்ய அறை முழுவதும் வெள்ளை. ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் அதன் இடப்பக்கக் கட்டமோ வலப்பக்கக் கட்டமோ கறுப்பாக வேண்டும். இரண்டும் வெள்ளையானால் கோடு மூன்று அறைகளைத் தொட்டுவிடும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரிசைகளில் கறுப்பு வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எனவே கறுப்பு இடம், வலம், இடம் என்றோ வலம், இடம், வலம் என்றோ மாறி மாறித்தான் வர முடியும். முதல் வகையில் இடது அறைக்கு இரண்டு கறுப்பு வருகிறது. அதன் எண்ணோ 1. ஆகவே இரண்டாவது வகைதான் சரி.

இத்துடன் முடியவில்லை. இரண்டாம் வரிசையில் பூஜ்ய அறையிலிருந்து புறப்படும் வெள்ளைக் கோடு நான்காவது நெடுவரிசைக்குள் நுழைந்துவிட்டது. ஐந்தாவதில் இருப்பது மூன்றாவது அறை என்பதால், அங்குள்ள கட்டம் கறுப்பாகிறது. அதற்கு மேலும் கீழும் உள்ளவை ஒட்டக்கூடாது என்ற விதியால் வெள்ளை.

```
□ | □ □ | ■ | □
■ | □ □ | □ | ■
□ | □ □ | ■ | □
```

இந்த நிலையில் தொடர்பு விதி துணைக்கு வருகிறது. முதல் வரிசையின் ஐந்தாவது கட்டத்துக்கு இடப்புறமும் கீழேயும் கறுப்பு, மேலே சுவர். அது சிறைப்படாமலிருக்க வலப்புறமுள்ள ஆறாவது கட்டம் வெள்ளையாகத்தான் வேண்டும். இந்த மூலையிலிருந்து வெளியேறும் வழியோ கீழ்ப்பக்கம் மட்டுமே. மூன்றாம் வரிசையின் நான்காவது கட்டத்திலுள்ள கறுப்பிலிருந்து மூலைக்கு மூலையாகக் கறுப்புகள் கீழிறங்கி இடது சுவரைத் தொட்டால், வழி அடைபட்டு மூலை முழுவதும் துண்டாகிவிடும். சுவரிலிருந்து சுவருக்குச் செல்லும் சங்கிலியும், தன்னையே சுற்றி மூடும் சங்கிலியும் பிழையின் அடையாளங்கள். பாதி விடுவித்த புதிரில் முதலில் தேட வேண்டியவை இவையே.

சிறிய புதிர்களை இந்த வகை ஊகங்களாலேயே முடித்துவிடலாம். எல்லாப் புதிர்களுக்கும் பொருந்தும் விரைவான வழிமுறை எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. ஹெயாவகே என்பீ முழுமை என்ற கடின வகையைச் சேர்ந்தது என்று மார்க்கஸ் ஹோல்சர், ஆலிவர் ருவெப் என்ற கணினி அறிவியலாளர்கள் 2007இல் நிறுவினர். முடித்த விடை சரியா என்று பார்ப்பது எளிது. சதுரம் பெரிதாகப் பெரிதாக அந்த விடையைத் தேடும் வேலை மிக வேகமாகப் பெருகக்கூடும்.