காசின் பளபளப்பில் ஒளியும் எழுத்து

முதலாம் ராஜராஜனின் செப்புக்காசில், அமர்ந்த உருவத்தின் இடக்கை அருகே நாகரியில் 'ஸ்ரீராஜராஜ' என்று புடைத்திருக்கும். ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் பளபளப்பு எழுத்தை விழுங்கிவிடும். ஃபிளாஷை அணைத்து, விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் வையுங்கள். புடைப்பின் மறுபுறம் நிழல் விழும். காசையும் கேமராவையும் அசைக்காமல், விளக்கை மட்டும் சுற்றிப் பல படங்கள் எடுக்க வேண்டும். விளக்கோடு நகரும் கோடு வெறும் மினுக்கம். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்பதே எழுத்து. படத்தில் ஒளி கீழிருந்து வந்தால் மேடு பள்ளமாகத் தெரியும்; படத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஓரம் தேய்ந்திருந்தால்? 'ரா', 'ஜ' இரண்டும் இருமுறை வருகின்றன. தெளிவானதன் வளைவை மங்கியதோடு ஒப்பிடலாம். ஒரு கோடும் மிஞ்சாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல், அடைப்புக்குறிக்குள் காட்டுவதே நேர்மை. தெளிவுக்காகக் காசைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. மிச்சப் புடைப்பும் போய்விடும்.