டான்சிலில் வெள்ளை: ஒன்பது நாள் அவகாசம்

விழுங்கும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்று குழந்தை அழுகிறது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் சிவந்து வீங்கிய டான்சில்கள், அவற்றின் மேல் தயிர்த் துளிகள்போல வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். பார்த்தவுடன் பெரும்பாலான வீடுகளில் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: சீழ் பிடித்துவிட்டது, ஆன்டிபயாட்டிக் கொடுத்தாக வேண்டும். மருந்துக் கடைக்காரரும் தலையாட்டி மூன்று மாத்திரை கொண்ட அட்டையை எடுத்து நீட்டிவிடுகிறார்.

அந்த வெள்ளை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த அவசரம் பாதி குறையும். டான்சில் மழமழப்பான உருண்டை அல்ல. அதன் மேற்பரப்பில் ஆழமான குழிகள் நிறைய உண்டு. மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வரும் கிருமிகளை வாசலிலேயே பிடித்து, அடையாளம் கண்டு, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது அதன் வேலை. தொற்று வந்ததும் வெள்ளை அணுக்கள் அங்கே குவிகின்றன. சண்டையில் மடிந்த அணுக்களும் கிருமிகளும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்து குழிகளின் வாயில் வந்து நிற்கின்றன. நாம் பார்க்கும் வெள்ளை அதுதான். எதிரே நின்றது வைரஸா பாக்டீரியாவா என்று அந்த வெள்ளை சொல்லாது. அடினோ வைரஸ் வந்தாலும் டான்சில் இப்படித்தான் வெளுக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வந்தாலும் இப்படித்தான் வெளுக்கும். நீண்ட அனுபவமுள்ள மருத்துவர்கூடத் தொண்டையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துவிட முடியாது.

அதனால் மருத்துவர்கள் தொண்டையைச் சுற்றியும் பார்க்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் சென்டாரும் அவருடைய குழுவினரும் 1981இல் எளிய ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். காய்ச்சல் இருந்தால் ஒன்று. டான்சிலில் வெள்ளை இருந்தால் ஒன்று. தாடைக்குக் கீழே கழுத்தின் முன்புறம் நெறி கட்டி, தொட்டால் வலித்தால் ஒன்று. இருமல் இல்லையென்றால் ஒன்று. பிறகு கனடாவைச் சேர்ந்த மெக்ஐசக் இதில் வயதையும் சேர்த்தார். மூன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் கூட்ட வேண்டும். 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒன்றைக் கழிக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதிகம் தாக்குவது பள்ளிப் பிள்ளைகளையே என்பதுதான் காரணம்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். நேற்று மாலை திடீரென்று தொண்டை வலி. இரவில் காய்ச்சல் 102 டிகிரி. தலைவலி, வயிற்று வலி, ஒரு தடவை வாந்தி. மூக்கு ஒழுகவில்லை, இருமல் இல்லை. இரண்டு டான்சிலிலும் வெள்ளை, தாடைக்கடியில் கோலி குண்டு அளவுக்கு நெறி, தொட்டால் வலி. சென்டாரின் நான்கு அடையாளங்களும் இருக்கின்றன, வயதுக்கு ஒன்றும் சேர்ந்து ஐந்து. இதற்கு மேல் மதிப்பெண்ணே கிடையாது. அப்படியிருந்தும் ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்க வாய்ப்பு ஏறத்தாழ பாதிதான். ஆகவே மதிப்பெண் கூடுதலாக இருந்தால் அடுத்தது சோதனை. தொண்டையில் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் ஓரிரு நாளில் விடை தெரிந்துவிடும். உடனே முடிவு சொல்லும் துரித சோதனையும் உண்டு, ஆனால் நம் ஊர்க் கிளினிக்குகளில் அதை அதிகம் பார்க்க முடிவதில்லை.

அதே வாரம் அவளுடைய அப்பாவுக்கும் தொண்டை வலி என்று வைத்துக்கொள்வோம். வயது 46. முதலில் மூக்கு ஒழுகியது, பிறகு குரல் கம்மியது, இப்போது இருமல். காய்ச்சல் இல்லை, நெறி கட்டவில்லை. டான்சிலில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள். வெள்ளைக்கு ஒன்று, வயதுக்குக் கழித்தால் பூஜ்யம். இவருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். கண்ணாடியில் பார்த்தால் அப்பாவின் தொண்டையும் மகளின் தொண்டையும் ஒரே மாதிரி இருக்கலாம். மூக்கு ஒழுகுதல், இருமல், குரல் கம்மல், கண் சிவத்தல், வாய்க்குள் சிறு புண்கள் ஆகியவை சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ்தான்.

சரி, பாக்டீரியாவாகவே இருந்தாலும் தொண்டை வலி ஒரு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். ஆன்டிபயாட்டிக் அந்த வலியைச் சுமார் ஒரு நாள் முன்னதாகத் தணிக்கிறது, அவ்வளவே. பிறகு ஏன் இத்தனை கவலை? காரணம் இதயம். ஸ்ட்ரெப்டோகாக்கஸைத் தாக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் சிலருக்கு வழி தவறி, சொந்த மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகின்றன. ருமாட்டிக் காய்ச்சல் என்பது இதுதான். வசதியான நாடுகளில் அரிதாகிவிட்ட இந்த நோய் இந்தியாவில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் தொடங்கும். இளம் வயதில் வால்வு அறுவை சிகிச்சைக்கு வந்து நிற்கும் பலருக்கு, என்றோ சிறுவயதில் வந்து போன தொண்டை வலி நினைவிலேயே இருப்பதில்லை.

பென்சிலின் இதைத் தடுக்கும் என்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள வாரன் விமானப்படைத் தளத்தில் கண்டறிந்தார்கள். தொண்டை அழற்சியுடன் வந்த படைவீரர்களில் ஒரு பகுதியினருக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களிடம் ருமாட்டிக் காய்ச்சல் பெரிதும் குறைந்தது. 1950இல் அந்த முடிவு வெளியானது. நோய் தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் இந்தத் தடுப்பு கிடைக்கும் என்பது மருத்துவர்கள் இன்று பின்பற்றும் கணக்கு. பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ராத்திரி பத்து மணிக்கு மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. மறுநாள் மருத்துவரைப் பார்க்கலாம், சோதனை கொடுக்கலாம், முடிவு வரும்வரை வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம். அதற்குப் பிறகும் நாள் மிச்சம் இருக்கும்.

சோதனை ஆம் என்று சொன்னால் மருந்து பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், பத்து நாள். மூன்றாம் நாளே குழந்தை விளையாடத் தொடங்கிவிடும், அப்போதுதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கிருமியை முழுவதும் அகற்றத்தான் அந்தப் பத்து நாள். இத்தனை காலம் ஆகியும் இந்தக் கிருமி பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது. கடையில் தூக்கிக் கொடுக்கும் அசித்ரோமைசினுக்கு அந்த உறுதி இல்லை. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு மாற்றாகவே அதை வைத்திருக்கிறார்கள்.

கல்லூரி வயதில் இன்னொரு குழப்பம் வரும். டான்சில் முழுக்க வெள்ளை, காய்ச்சல், கழுத்தின் பின்புறமும் நெறி, ஒரு வாரம் தாண்டியும் எழுந்து நடக்க முடியாத அசதி. இது எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ். எச்சில் வழியாகப் பரவும். இதற்கு அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவந்த தடிப்புகள் வருவதுண்டு. இந்நோயில் மண்ணீரல் வீங்கியிருக்கும் என்பதால், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கபடி, கால்பந்து போன்ற மோதும் விளையாட்டுகள் கூடாது.

சில அடையாளங்களைக் கண்டால் மேலே சொன்ன பொறுமையெல்லாம் செல்லாது. வாயைத் திறக்க முடியவில்லை, வலி ஒரு பக்கமாகக் கூடிக்கொண்டே போகிறது, உள்நாக்கு ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது, வாயில் சூடான பண்டத்தை வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குரல் வருகிறது என்றால் டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடுவது, மூச்சிழுக்கும்போது சத்தம், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவமனைதான். வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஆடைபோலப் படர்ந்து, கழுத்தும் வீங்கினால் தொண்டை அடைப்பான் என்று சந்தேகிக்க வேண்டும். ஐந்து வயது ஊசியும், பத்து, பதினாறு வயதில் போடும் டிடி ஊசியும் விட்டுப்போன பிள்ளைகளிடம் இந்தச் சந்தேகம் இன்னும் வலுவாக எழ வேண்டும். அந்த ஆடையைப் பிய்க்க முயன்றால் ரத்தம் வரும். எந்த வெள்ளையையும் விரலாலோ துணியாலோ சுரண்டாதீர்கள்.

வலியைத் தணிப்பதில் வீட்டுக்கு நிறைய வேலை இருக்கிறது. பாரசிட்டமால் எடைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். நம் சிறுமியின் எடை 24 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 360 மில்லிகிராம். ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பாக இருந்தால் ஏழு மில்லி. ஐந்து மில்லியில் 120 அல்லது 125 மட்டுமே உள்ள பாட்டில்களும் விற்கின்றன, ஆகவே லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. டெங்கு காலத்தில் அது இல்லையென்று உறுதியாகும்வரை ஐபுபுரோஃபெனும் வேண்டாம்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, நாளில் நான்கைந்து முறை கொப்பளித்தால் வீக்கம் கொஞ்சம் தணிந்து இதமாக இருக்கும். கிருமியைக் கொல்லும் சக்தி அதற்கு இல்லை. கொப்பளிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். தண்ணீரும் கஞ்சியும் மிளகு குறைத்த ரசமும் அடிக்கடி, சிறிது சிறிதாக. ஒரு வயது தாண்டியவர்களுக்குத் தேன் நல்லது. அதிமதுரத் துண்டைச் சப்பினால் தொண்டைக்கு இதம்தான், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். ஐஸ்கிரீம் கேட்டால் கொடுக்கலாம். குளிர்ச்சி வலியை மரக்கச் செய்யும், பசிக்காத பிள்ளைக்கு நாலு வாய் உணவும் உள்ளே போகும். கழுத்தில் சுண்ணாம்புப் பற்றுப் போடுவதை நான் ஏற்க மாட்டேன். பிஞ்சுத் தோல் வெந்துபோகும், உள்ளே இருக்கும் டான்சிலை அது எட்டாது.

ஆன்டிபயாட்டிக் தொடங்கி ஒரு நாள் ஆன பிறகு, காய்ச்சலும் விட்டிருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். அடுத்த இரண்டு மூன்று வாரம் குழந்தையின்மேல் ஒரு கண் இருக்கட்டும். முழங்காலில் வீக்கம் வந்து அது அடங்கியதும் கணுக்காலுக்குத் தாவினால், மாடிப்படி ஏற மூச்சு வாங்கினால், கை கால்கள் கட்டுப்பாடில்லாமல் துள்ளினால், சிறுநீர் பழுப்பாகப் போனால் மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்குள் தொண்டை பழையபடி ஆகிவிட்டிருக்கும், அவர் டார்ச் அடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. சில வாரங்களுக்கு முன் வந்த தொண்டை வலியையும் அப்போது என்ன மருந்து எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.