கேட்காமலே வரலாம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடத்திட்டத் தாள்களில் ‘ஆபீஸ் அவர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். புதிதாகச் சேரும் மாணவர்கள் சிலர் அதைப் பேராசிரியர் தம் வேலையைப் பார்க்கும் நேரம், தொந்தரவு செய்யக் கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர்மாறு, அது மாணவர்களுக்கென்றே ஒதுக்கிய நேரம். அதனால்தான் சில ஆசிரியர்கள் பெயரையே ‘மாணவர் நேரம்’ என்று மாற்றிவிட்டார்கள்.

பெயர் மாறினாலும் பாதிக் குழப்பம் மிஞ்சும். “செவ்வாய் 2 முதல் 4 வரை, அறை 214” என்று மட்டும் எழுதினால், கூச்சமுள்ள மாணவர் மின்னஞ்சலில் அனுமதி கேட்பார். பதில் வருவதற்குள் செவ்வாய் போய்விடும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “செவ்வாய் 2 முதல் 4 வரை அறை 214-க்கு நேராக வரலாம். முன்பதிவு வேண்டாம். 3:30-க்கு வந்தாலும் சரி. உள்ளே ஒருவர் இருந்தால், தட்டிச் சொல்லிவிட்டு வெளியே காத்திருங்கள். மதிப்பெண் போன்ற தனிப்பட்ட பேச்சுக்கு வியாழன் 3 முதல் 4 வரை. அதற்கு மட்டும் முன்பதிவு.”

இரண்டையும் ஒரே வரியில் கலக்காததுதான் இதில் சூட்சுமம். கலந்தால், எல்லாவற்றுக்கும் முன்பதிவு வேண்டும் என்றே மாணவர் நினைத்துக்கொள்வார். தேர்வுக்கு முந்தைய வாரம் வரிசை நீளும்; அப்போது ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று கதவிலேயே ஒட்டிவிடலாம். ஆசிரியர் வர முடியாத நாளிலும் அதே கதவில் ஒரு சீட்டு வேண்டும், மாற்று நேரத்தோடு. பூட்டைப் பார்த்துத் திரும்பியவரை மறுபடி வரவழைப்பது கஷ்டம்.