நான்கு பெயர், மூன்று சார்ட்

பி.சி.ஏ., பொறியியல் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது: பபிள், மெர்ஜ், குவிக் சார்ட் மூன்றையும் ஒப்பிடுக. பெரும்பாலோர் O(n²), O(n log n) என்று ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டால் அது கைகொடுக்காது. நான்கே பேர் கொண்ட ஒரு பட்டியலைக் கையால் ஓட்டிப் பார்த்தால் போதும், அட்டவணையைத் தேர்வறையிலேயே நாமே எழுதிவிடலாம்.

பட்டியல் அகரவரிசையில் இருக்கிறது: அருண் 72, கவிதா 65, மணி 72, ராஜா 58. இதை மதிப்பெண்படி, குறைந்ததிலிருந்து கூடியதற்கு அடுக்க வேண்டும். அருணுக்கும் மணிக்கும் ஒரே மதிப்பெண். அடுக்கி முடித்த பிறகும் அருண் மணிக்கு முன்னால் நின்றால் அந்த முறை ஸ்டேபிள். அகரவரிசை ஒழுங்கு கலையாமல் மதிப்பெண் வரிசை வேண்டும் என்கிற இடத்தில்தான் இது தேவைப்படும்.

பபிள் சார்ட் பக்கத்துப் பக்கத்து ஆட்களை மட்டுமே ஒப்பிடும். முதல் சுற்றில் அருணும் கவிதாவும் இடம் மாறுகிறார்கள். அடுத்து அருண், மணி: இருவரும் 72, மாற்றமில்லை. பிறகு மணியும் ராஜாவும் மாறுகிறார்கள். இன்னும் இரண்டு சுற்றில் ராஜா, கவிதா, அருண், மணி என்று வந்துவிடும். சமமானவர்கள் ஒருவரையொருவர் தாண்டவே இல்லை. ஆனால் `if a[j] > a[j+1]` என்று இருக்கவேண்டிய இடத்தில் `>=` போட்டுவிட்டால் ஸ்டேபிள் தன்மை போய்விடும்.

மெர்ஜ் சார்ட் பட்டியலை இரண்டாகப் பிரித்து, அடுக்கி, இணைக்கும். இடப்பக்கம் கவிதா 65, அருண் 72. வலப்பக்கம் ராஜா 58, மணி 72. இணைக்கும்போது ராஜாவும் கவிதாவும் வந்த பிறகு 72-க்கு 72 மோதுகிறது. அங்கே இடப்பக்கத்தவரை முதலில் எடுக்க வேண்டும். `if L[i] <= R[j]` என்ற வரி அதைத்தான் செய்கிறது. எனவே இதுவும் ஸ்டேபிள். இணைப்பதற்குத் தனியாக ஓர் அரே வேண்டியிருக்கும், அதுதான் இதற்கான விலை.

குவிக் சார்ட்டில் கடைசி ஆளைப் பிவட்டாக எடுப்போம். ராஜா 58. அவருக்குச் சமமாகவோ குறைவாகவோ யாருமில்லை. அதனால் பிவட் நேராக முதல் இடத்துக்குப் போகிறது. அங்கிருந்த அருண் கடைசிக்குத் தூக்கி எறியப்படுகிறார்: ராஜா, கவிதா, மணி, அருண். அடுத்த சுற்றில் அருண்தான் பிவட். மற்ற இருவரும் அவருக்குச் சமமோ குறைவோ என்பதால் அவர் இருந்த இடத்திலேயே நிற்கிறார். ஆக மணி அருணை முந்திவிட்டார். ஸ்டேபிள் இல்லை. தொலைதூர இடமாற்றமே காரணம் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் திருத்துகிறவருக்குப் புரிதல் தெரிந்துவிடும்.

இனி வர்ஸ்ட் கேஸ். இங்கேதான் வேடிக்கை. ஏற்கெனவே அடுக்கப்பட்ட 1,000 எண்களைக் கொடுங்கள். இடமாற்றம் நடந்ததா என்று கவனிக்கும் பபிள் சார்ட், 999 ஒப்பீடுகளில் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். கடைசி எண்ணைப் பிவட்டாக்கும் குவிக் சார்ட்டோ ஒவ்வொரு முறையும் மிகப் பெரிய எண்ணையே பிடிக்கும். ஒரு பக்கம் காலி, மறுபக்கம் 999, பிறகு 998, பிறகு 997. மொத்தம் n(n−1)/2, அதாவது 4,99,500 ஒப்பீடுகள். பைத்தானில் இதை ரிகர்ஷனாக எழுதி ஓட்டினால் `RecursionError` வர வாய்ப்பு அதிகம். அதன் வழக்கமான ஆழ எல்லை 1,000. மெர்ஜ் சார்ட் பட்டியல் எப்படி இருந்தாலும் 10,000 ஒப்பீடுகளைத் தாண்டாது. எப்போதும் சரிபாதியாகவே பிரிக்கிறது அல்லவா.

பபிளுக்கு எது கடினம்? தலைகீழாக அடுக்கிய பட்டியல். அதே 4,99,500 ஒப்பீடுகள், ஒவ்வொன்றிலும் ஓர் இடமாற்றம்.

பிறகு ஏன் குவிக் சார்ட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்? சராசரியாக அது O(n log n), கூடுதல் அரேயும் வேண்டாம். 1959-இல் டோனி ஹோர் கண்டுபிடித்தது இன்னும் பாடத்தில் இருப்பது அதனால்தான். பிவட்டைக் குலுக்கல் முறையில் எடுத்தால் அடுக்கிய பட்டியல் தொல்லை தராது. ஆனால் வர்ஸ்ட் கேஸ் O(n log n) ஆகிவிட்டது என்று எழுதினால் மதிப்பெண் போகும். துரதிர்ஷ்டம் தொடர்ந்தால் அது O(n²)-தான். எல்லா எண்ணும் ஒன்றாகவே இருந்தால் துரதிர்ஷ்டம்கூடத் தேவையில்லை: நாம் மேலே ஓட்டிய முறையில் எந்தப் பிவட்டை எடுத்தாலும் எல்லாரும் ஒரே பக்கம்தான் போவார்கள். அதனால் விடையில் பிவட்டை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை முதலில் எழுதிவிட்டு, பிறகு வர்ஸ்ட் கேஸுக்கு வாருங்கள்.