ஜவ்வு விலகினால் உடனே ஆபரேஷனா?

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்று எழுதியிருந்தால், வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்பார் ஒருவர். முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்பார் இன்னொருவர். பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டுமே பொருந்தாது. முடிவை ஸ்கேன் படத்தைவிட அதிகம் தீர்மானிப்பது, காலில் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, காலின் பலம் குறைகிறதா என்ற மூன்று விஷயங்கள்.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் உள்ளே மிருதுவான பகுதி இருக்கிறது. அதைச் சுற்றி உறுதியான வளையம். வளையம் கிழிந்து உள்பகுதி பின்பக்கமாகப் பிதுங்கினால், அங்கே செல்லும் நரம்பு வேரை அழுத்தும். அந்த இடத்தில் அழற்சியும் உண்டாகும். இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இது மிக அதிகம். பிதுங்கிய துண்டை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. பிரிந்து வெளியே வந்துவிட்ட பெரிய துண்டுகள் சிறிய வீக்கங்களைவிட நன்றாகவே சுருங்குகின்றன. ‘படத்தில் பெரிதாக இருக்கிறது’ என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது.

படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமும் அல்ல. 1994-ல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல், 52 சதவீதத்தினருக்கு, ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. வலியே இல்லாதவர்களின் கதை இது.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுபவர், வயது 42. வலது புட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்புறமாக, கெண்டைக்கால் ஓரமாக, பாதத்தின் மேல்பக்கம் கட்டைவிரல் வரை சுண்டி இழுக்கிறது. இருமினால் சுள்ளென்று பாய்கிறது. ஸ்கேனில் மூன்று டிஸ்க்குகளில் கோளாறு என்று ரிப்போர்ட். எல் 3–எல் 4 லேசாகப் புடைத்திருக்கிறது. எல் 4–எல் 5 வலப்பக்கம் நன்றாகப் பிதுங்கியிருக்கிறது. எல் 5–எஸ் 1 இடப்பக்கம் கொஞ்சம். கட்டைவிரல் வரை ஓடும் வலி எல் 5 நரம்பின் வழி. பெரும்பாலும் அதை அழுத்துவது எல் 4–எல் 5 டிஸ்க். படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் வலது காலைத் தூக்கினால் 40 பாகையிலேயே காலுக்குள் வலி இறங்குகிறது. வலி, பரிசோதனை, படம் மூன்றும் ஒரே நரம்பைக் காட்டுகின்றன. மற்ற இரண்டு டிஸ்க்குகளும் இவர் வலிக்குப் பொறுப்பல்ல. வலி முதுகில் மட்டும் நின்று, காலுக்கு இறங்காமலே இருந்திருந்தால், பிதுங்கிய துண்டை எடுக்கும் ஆபரேஷனால் அவருக்குப் பெரிய பலன் கிடைத்திருக்காது.

காத்திருக்கக் கூடாத நிலைகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் வர மறுப்பது, அல்லது தெரியாமலே கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போவது, இரண்டு காலிலும் பலவீனம்: இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகுத் தண்டின் கீழே இருக்கும் குதிரைவால் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். கூச்சத்தினால் இதை டாக்டரிடம் சொல்லாமல் விடுபவர்கள், பெண்கள் குறிப்பாக, நிறையப் பேர்.

அடுத்தது பலம் குறைவது. குதிகாலால் நாலடி நடந்து பாருங்கள். பிறகு வலிக்கும் காலில் மட்டும் நின்று, முன்பாதத்தால் உடம்பை மேலே தூக்கிப் பாருங்கள். நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் உரசுவது, செருப்பு கழன்று போவதே தெரியாமலிருப்பது, நாளுக்கு நாள் பலம் குறைவது ஆகியவை இருந்தால் வாரக்கணக்கில் மாத்திரையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. சில நாட்களுக்குள் முதுகெலும்பு சிகிச்சை நிபுணரைப் பார்த்தாக வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல் வலி மட்டும் இருந்தால், பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் அது கணிசமாகக் குறைகிறது. இந்தக் காலத்தில் படுத்தே கிடப்பது உதவாது. தாங்கும் அளவுக்கு நடப்பது, வலி மாத்திரை, பிசியோதெரபி, தேவைப்பட்டால் நரம்பு வேர் பக்கம் போடும் ஸ்டீராய்டு ஊசி என்று போகும். ஊசியின் பலன் பெரும்பாலும் சில வாரங்கள்தான். சிலருக்கு அந்த இடைவெளியே போதும்.

நெதர்லாந்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று இங்கே உதவுகிறது. 6 முதல் 12 வாரம் வரை கடும் கால்வலியால் அவதிப்பட்ட 283 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷன். மற்றதற்கு காத்திருப்பு, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். ஆபரேஷன் குழுவில் வலி சீக்கிரம் தணிந்தது. ஓராண்டு முடிவில் இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே நிலை, 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் அந்த ஓராண்டுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். இந்தக் கட்டத்தில் ஆபரேஷன் வாங்கித் தருவது முக்கியமாக நேரத்தைத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். தினக்கூலிக்காரருக்கு, வண்டி ஓட்டினால்தான் சோறு என்பவருக்கு, அது சின்ன விஷயம் அல்ல. ஆபரேஷன் கேட்பதற்கு அதுவும் நியாயமான காரணமே.

நாலு மாதம் தாண்டியும் வலி விடாதவர்களின் நிலை வேறு. 2020-ல் கனடாவில் இருந்து வந்த ஆய்வில், 4 முதல் 12 மாதம் வலித்த 128 பேர் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது ஆபரேஷன் ஆனவர்கள் சராசரி 2.8 என்றார்கள், ஆபரேஷன் இல்லாத சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்கள் 5.2. ஆக, ஆறு வாரத்துக்கு முன் அவசரப்படத் தேவையில்லை. ஆறு மாதம் கடந்தும் தள்ளிப்போடுவதில் லாபமும் குறைவு.

நம் ஓட்டுநருக்கு ஏழாவது வாரம். கட்டைவிரல் பலம் லேசாகக் குறைந்திருக்கிறது. இரண்டாவது வாரத்தில் இருந்த அளவிலேயே நிற்கிறது. ஊசி போட்டும் பத்து நாளில் வலி திரும்பிவிட்டது. கால்மணி நேரம் உட்கார முடியவில்லை. முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில் இரண்டு இடத்தில் ஸ்க்ரூ, ராடு வைக்கச் சொன்னார்கள். அவரும் மனைவியும் ஸ்கேன் படத்தோடு இன்னொரு டாக்டரிடம் போகிறார்கள். அங்கே இந்த ஜோடி கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

“டாக்டர், இவருக்கு எந்த நரம்பு அழுத்தப்படுது? கால்ல வலிக்கிற இடமும் படத்துல இருக்கிற இடமும் ஒத்துப்போகுதா?”

“ஒத்துப்போகுதும்மா. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல, வலது பக்கம். அது ஒண்ணுதான் பிரச்சினை.”

“இன்னும் ஒன்றரை மாசம் பொறுத்தா என்ன சார் ஆகும்?”

“தானா சரியாக வாய்ப்பு இருக்கு. பொறுக்கறதால ஆபத்து இல்லை. ஆனா கால் பலம் இப்ப இருக்கிறதைவிடக் குறைஞ்சா, அடுத்த நாளே வாங்க.”

“ஆபரேஷன்னா என்ன செய்வீங்க? ஸ்க்ரூ எதுக்குன்னு கேட்டா அங்கே யாரும் பதில் சொல்லலை.”

கடைசிக் கேள்வியில் பெரிய தொகையும் பெரிய சிகிச்சையும் அடங்கியிருக்கின்றன. முதல்முறை விலகிய டிஸ்க்குக்கு வழக்கமான ஆபரேஷன் மைக்ரோ டிஸ்கெக்டமி. சிறு கீறல் வழியாக, பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்து நரம்பை விடுவிப்பது. எலும்புகளை ஸ்க்ரூ, ராடு போட்டு ஒட்டவைக்கும் ஃபியூஷனுக்குத் தனிக் காரணம் வேண்டும்: ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் முன்னோக்கி நழுவியிருப்பது, குனிந்து நிமிர்ந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு நகர்வது, சில வேளை அதே இடத்தில் திரும்பத் திரும்ப விலகுவது. நம் ஓட்டுநருக்கு அந்த எக்ஸ்ரேயில் எலும்பு நகரவில்லை. ‘ஸ்க்ரூ எதற்கு, வைக்காவிட்டால் என்ன ஆகும், எக்ஸ்ரேயில் எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்’ என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மைக்ரோஸ்கோப்பா, எண்டோஸ்கோப்பா என்பதில் கால்வலி குறையும் அளவு பெரிதாக மாறுவதில்லை. டாக்டருக்கு எதில் கை தேர்ந்திருக்கிறது என்பதைக் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை செய்கிறார், அவரிடம் எத்தனை பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது என்பதையும்.

எது சரியாகும், எது ஆகாது என்று கேட்காமல் போகும் நோயாளிதான் பிறகு ஏமாந்ததாக உணர்கிறார். சரியாகப் பொருந்திய நோயாளிக்கு கால்வலி வேகமாகக் குறையும். மரப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். முதுகுவலி போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. 100 பேரில் சுமார் 5 முதல் 10 பேருக்கு அதே இடத்தில் டிஸ்க் மறுபடியும் விலகுகிறது. நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசிவது, கிருமித்தொற்று, அரிதாக நரம்புக் காயம் ஆகியவையும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் புகைப்பவருக்கும் தொற்று வாய்ப்பு கூடும். எழுந்து உட்கார்ந்தால் கடும் தலைவலி, காயத்தில் தெளிவான நீர், குறைந்திருந்த முதுகுவலி சில வாரங்களில் காய்ச்சலோடு கடுமையாகத் திரும்புவது: இவற்றுக்கு உடனே போக வேண்டும்.

நம் ஓட்டுநர் இன்னும் மூன்று வாரம் பொறுத்தார். வலி பத்துக்கு ஏழாகவே நின்றதால், ஒரு டிஸ்க்குக்கு மட்டும் மைக்ரோ டிஸ்கெக்டமி செய்துகொள்ள முடிவெடுத்தார். அடுத்த நாள் நடக்கலாம், பாரம் தூக்கும் வேலைக்கும் நீண்ட தூர ஓட்டத்துக்கும் 6 முதல் 12 வாரம் ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த வருமான இழப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் தம்பதி முடிவெடுத்தார்கள்.

கையெழுத்துப் போடும் சம்மதப் படிவத்தில் ஆபரேஷனின் பெயர், எந்த டிஸ்க், எந்தப் பக்கம், ஸ்க்ரூ உண்டா இல்லையா என்பவை இருக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம், உயிரைக் காக்கும் அவசரம் இல்லாதபோது, வேறொரு சிகிச்சைக்குச் செல்லாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. துண்டை எடுக்க மட்டும் சம்மதித்தவருக்கு ஸ்க்ரூ வைக்க இது தடை.

இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை, அதற்காக எம்.ஆர்.ஐ. படத்தை மருத்துவமனை பிடித்துவைக்கக் கூடாது. சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. எழுத்தில் கேளுங்கள், தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷனும் இந்த மருத்துவமனையும் வருகின்றனவா என்று சேருவதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டு விடுங்கள்.

வலி தீராததோ டிஸ்க் திரும்ப விலகியதோ மட்டுமே அலட்சியம் ஆகாது. தவறான டிஸ்க்கைத் தொட்டது, சம்மதிக்காததைச் செய்தது, தொற்றின் அறிகுறியைச் சொல்லியும் பார்க்காமல் விட்டது போன்றவை புகாருக்கு உரியவை. டாக்டரின் தொழில் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை மீது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். அதற்கு 2 ஆண்டுக் கெடு இருக்கிறது. பதிவேடுகளும் சம்மதப் படிவமும் பில்களும் கையில் இருந்தால்தான் மனு நிற்கும்.