சொல்லிவைத்து விட்ட பிழைகள்

"கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன் எழுதுகிற மாதிரி எழுது. ரொம்பச் சுத்தமாக வேண்டாம். அங்கங்கே நாலைந்து எழுத்துப் பிழை இருக்கட்டும். பேசுகிற மாதிரி இயல்பாக இருக்கட்டும்."

ஏஐ மாடலிடம் கட்டுரை எழுதி வாங்குகிறவர்கள் கடைசியில் சேர்க்கிற வரிகள் இவை. மெஷின் பிழை விடாது, மனிதன்தான் விடுவான், ஆகவே பிழை இருந்தால் டிடெக்டர் அதை மனித எழுத்து என்று நம்பிவிடும் என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிடெக்டர் பிழைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வேறு.

ஒரு மொழி மாடல் எழுதும்போது, ஒவ்வொரு இடத்திலும் அடுத்து வரக்கூடிய சொற்களுக்கெல்லாம் ஒரு நிகழ்தகவு போட்டு, அதிலிருந்து ஒன்றை எடுக்கிறது. "வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, குடையை" என்பது வரை எழுதியிருந்தால் அடுத்த சொல் "எடுத்துக்கொள்" என்றோ "மறக்காதே" என்றோ வர வாய்ப்பு மிக அதிகம். "அடகு" என்று வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மனிதன் அடகையும் எழுதுவான்; அவனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும். டிடெக்டர்களில் ஒரு வகை இதைத்தான் அளக்கிறது. கொடுத்த எழுத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு எதிர்பாராதது என்று மதிப்பெண் போட்டு, சராசரி எடுக்கிறது. துறைக்காரர்கள் இதை பெர்ப்ளெக்சிட்டி என்கிறார்கள். வியப்பு என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

2019இல் ஹார்வர்டு ஆய்வாளர்களும் எம்ஐடி–ஐபிஎம் ஆய்வகமும் சேர்ந்து வெளியிட்ட ஜிஎல்டிஆர் என்ற கருவி இதைக் கண்ணுக்கே காட்டியது. மாடல் முதல் பத்து ஊகங்களுக்குள் வைத்திருந்த சொல் வந்தால் பச்சை, முதல் நூறுக்குள் என்றால் மஞ்சள், ஆயிரத்துக்குள் என்றால் சிவப்பு, அதற்கும் வெளியே என்றால் ஊதா. மெஷின் எழுதியதைப் போட்டால் பக்கம் பெரும்பாலும் பச்சையாக இருக்கும், நடுவே கொஞ்சம் மஞ்சள். மனிதர் எழுதியதில் சிவப்பும் ஊதாவும் பக்கமெங்கும் சிதறிக் கிடக்கும்.

இப்போது பிழைகளுக்கு வருவோம். நானூறு சொல் கொண்ட ஒரு ஆங்கிலக் கட்டுரை. விளக்குவதற்காக நானாக வைக்கும் எண்கள் இவை: மெஷின் எழுத்தில் ஒரு சொல்லுக்குச் சராசரி வியப்பு 3, மனித எழுத்தில் 4. மொத்தத்தில் மெஷினுக்கு 1,200, மனிதருக்கு 1,600. எழுத்துப் பிழையோடு வரும் சொல் உண்மையிலேயே எதிர்பாராததுதான். அதற்கு 3க்குப் பதில் 15 போடலாம். அப்படியானால் ஒரு பிழை 12 மதிப்பெண் கூட்டுகிறது. கேட்டபடி ஐந்து பிழைகள் வந்தால் 60 கூடும். மொத்தம் 1,260, சராசரி 3.15. மனிதர் இருக்கும் 4 எங்கோ இருக்கிறது. அங்கே போய்ச் சேர முப்பத்து நான்கு பிழைகள் வேண்டும், ஏறக்குறைய பன்னிரண்டு சொல்லுக்கு ஒன்று. அப்படி ஒரு கட்டுரையை எந்த ஆசிரியரிடமும் கொடுக்க முடியாது. ஐந்து சொற்கள் கெட்டுப்போன பிறகும் மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து சொற்களை அதே மாடல் அதே கணக்கில்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. டிடெக்டருக்கு அந்த மீதியே போதும்.

சரி, பேச்சுநடையில் எழுதச் சொன்னால் எல்லாச் சொல்லும் மாறுமே? மாறும். அதனால் வியப்பு கூடவும் செய்யலாம். இந்த ஓட்டையை அடைக்க ஒரு வழி 2024இல் வந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு பைனாகுலர்ஸ் என்ற டிடெக்டரை வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் வேடிக்கையானது. வானியற்பியல் ஆராய்ச்சி செய்யும் ஒரு கேபிபாராவைப் பற்றி எழுது என்று மாடலிடம் கேட்டால் (கேபிபாரா என்பது தென் அமெரிக்காவின் பெரிய கொறிவிலங்கு), வருகிற எழுத்தில் வியப்பு மிக அதிகமாக இருக்கும். கேபிபாராவும் நட்சத்திரமும் ஒரே வரியில் வருவதை எந்த மாடல் எதிர்பார்க்கும்? வெறும் வியப்பை அளக்கும் டிடெக்டர் அதை மனிதர் எழுதியது என்று சொல்லிவிடும். ஆனால் அந்த வியப்பு வந்தது கேள்வியிலிருந்து. பதிலை எழுதியது மெஷின்தான்.

அதனால் பைனாகுலர்ஸ் இரண்டு மாடல்களை வைத்துப் படிக்கிறது. இந்த எழுத்து ஒரு மாடலுக்கு எவ்வளவு வியப்பு என்பது முதல் அளவு. அதே இடங்களில் இன்னொரு மாடல் சொல்லும் ஊகங்கள் முதல் மாடலுக்கு எவ்வளவு வியப்பு என்பது இரண்டாவது அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறார்கள். விஷயமே விசித்திரமாக இருந்தால் இரண்டு அளவும் சேர்ந்தே ஏறும், விகிதம் பெரிதாக மாறாது. பேச்சுநடைக்கும் இதே கதிதான். முதல் இரண்டு வரி பேச்சுநடையில் போனதுமே மூன்றாவது வரியிலும் அதுதான் வரும் என்று இரண்டு மாடலுமே எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். அந்த எதிர்பார்ப்பை மீறி ஏதாவது வருகிறதா என்பதுதான் பிறகு கேள்வி. எழுதியது மாடல் என்றால் பெரும்பாலும் வராது.

எண்களை விட்டுவிட்டு எழுத்தையே கிட்டப் போய்ப் பார்த்தாலும் இது தெரியும். கைபேசி பற்றி ஒரு வரி: "கைபேசி மாணவர்களின் வாழ்வில் முக்கியப் பங்கு வகிக்கிறது." இதையே பேச்சுநடையில் கேட்டால் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "கைபேசி மாணவர்களோட வாழ்க்கையில ரொம்ப முக்கியமான பங்கு வகிக்குது." வினைமுற்று மாறியிருக்கிறது, வேற்றுமை உருபு மாறியிருக்கிறது. ஆனால் டீக்கடையிலோ வீட்டுத் திண்ணையிலோ யாராவது "பங்கு வகிக்குது" என்று பேசிக் கேட்டிருக்கிறோமா? "பசங்க கையில எந்நேரமும் போன்தான்" என்பார்கள். மாடல் செய்தது எழுத்து வாக்கியத்துக்குப் பேச்சு விகுதி ஒட்டும் வேலை. பத்திகளும் அப்படியே இருக்கும்: ஒரு கருத்து, ஒரு விளக்கம், ஒரு முடிப்பு வரி, அடுத்த பத்தி.

ஆங்கிலத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதர்கள் எழுதியதும் பேசியதுமான பகுதிகளை மாடல்களிடம் கொடுத்து, அதே நடையில் தொடர்ந்து எழுதச் சொன்னார்கள். ஆய்வுக் கட்டுரை, செய்தி மட்டுமல்ல, வலைப்பதிவு, பாட்காஸ்ட் பேச்சு, திரைக்கதை வசனமும் அதில் இருந்தன. கண்ணெதிரே மாதிரி இருந்தும் மாடல்கள் தங்கள் வழக்கத்துக்கே திரும்பின. "செய்துகொண்டு, காட்டியபடி" என்பது போல ஆங்கிலத்தில் வால் பிடித்து வரும் வினைத்தொடர்களை மனிதர்களைவிட 2 முதல் 5 மடங்கு வரை அதிகமாகப் போட்டன. வினையாகச் சொல்ல வேண்டியதைப் பெயர்ச்சொல்லாக இறுக்கின. என்னைக் கேட்டால் இந்த ஆய்வில் முக்கியமானது இன்னொன்று. கட்டளைகளுக்குக் கீழ்ப்படியப் பழக்கப்படாத அடிப்படை மாடல்கள் மனித நடைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தன. நாம் பயன்படுத்தும் பழக்கப்பட்ட மாடல்களே விலகி நின்றன. சொன்னதைச் செய்ய அவற்றைப் பழக்கியபோதே இந்த நடையும் சேர்ந்து ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தை மறைக்கச் சொல்லும் கட்டளையும் அதே பழக்கத்தின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

பிழைகளின் தரமும் வேறு. மனிதன் விடும் பிழைக்கு ஒரு காரணம் இருக்கும். ஒலிப்பு முறையில் தமிழ் தட்டுகிற ஒருவர் ஷிப்ட் விசையைச் சரியாக அழுத்தாவிட்டால் ணகரம் னகரமாகும், ளகரம் லகரமாகும், கட்டுரை முழுக்க அப்படியே நடக்கும். "பள்ளிக்கூடம்" என்பதில் ஒற்று வரும் என்று தெரியாதவர் பத்து இடத்திலும் "பள்ளிகூடம்" என்றே எழுதுவார். ஒரு வாக்கியத்தைப் பாதியில் மாற்றியவர் பழைய வினைமுற்றை அழிக்க மறந்திருப்பார். கடைசிப் பக்கத்தில் அவசரத்தின் பிழைகள் கூடியிருக்கும். சொல்லிவைத்து விட்ட பிழை இப்படி இருக்காது. பத்திக்கு ஒன்றாகப் பரவியிருக்கும், முதல் பத்தியில் தவறிய சொல் மூன்றாம் பத்தியில் சரியாக வரும். ஆங்கிலம் என்றால் 'ரிசீவ்' சொல்லின் நடுவில் இரண்டு உயிரெழுத்துகள் இடம் மாறுவது போன்ற பேர்போன பிழைகள்தான் வரும். பிழை கேட்டாலும் மாடல் அதிக வாய்ப்புள்ள பிழையைத்தான் எடுக்கிறது.

வியப்பை அளக்காத இன்னொரு வகை டிடெக்டரும் உண்டு. மனிதர் எழுதியவை, மெஷின் எழுதியவை என்று ஏராளமான எழுத்துகளைக் காட்டி வேறுபாட்டைத் தானே கண்டுகொள்ளப் பழக்கியவை. "இயல்பாக எழுது, பிழை விடு" என்று ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டால், அதற்கு வரும் பதில்களே ஒரு நடையாகிவிடும். அதையும் பயிற்சியில் சேர்த்துவிட்டால் முடிந்தது.

பிறகு எப்படி இந்த நம்பிக்கை பரவியது? ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. 2023 ஜனவரியில் ஓபன்ஏஐ வெளியிட்ட சொந்த டிடெக்டர், மெஷின் எழுத்தில் 26 சதவீதத்தை மட்டுமே சரியாகப் பிடித்தது; துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் அவர்களே நிறுத்திவிட்டார்கள். அந்த அளவுக்கு வலுவில்லாத கருவிகளிடம் எந்தத் தந்திரமும் பலித்ததாகத் தோன்றும். இன்றும் டிடெக்டர்கள் அசைக்க முடியாதவை அல்ல. 2024இல் வந்த ரெய்டு என்ற ஒப்பீட்டுச் சோதனையில், மெஷின் எழுதி முடித்த பிறகு அதைக் குலைத்துப் பார்த்தார்கள். எழுத்துப் பிழைகளைத் தூவியது பைனாகுலர்ஸ் போன்றவற்றைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. சொற்களுக்குப் பதில் வேறு சொல் மாற்றியதும், ஆங்கில எழுத்துக்குப் பதில் அதே போலத் தோன்றும் ரஷ்ய எழுத்தை நுழைத்ததும் பலமாக அடித்தன. அந்த ரஷ்ய எழுத்தை ஒரு சின்ன நிரலே தேடிப் பிடித்துவிடும் என்பது வேறு விஷயம். இந்தத் தாக்குதல்கள் எல்லாமே எழுத்தை வெளியிலிருந்து குலைத்தவை. மாடலிடம் குலைத்து எழுதச் சொல்லிக் கேட்டவை அல்ல. இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியவை என்பதால், தமிழ்க் கட்டுரையைப் போட்டு அது சொல்லும் தீர்ப்பை எந்தப் பக்கமும் நம்பக்கூடாது.

பிழைக்கும் தீர்ப்புக்கும் எவ்வளவு தூரம் என்பதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வேறொரு வழியில் காட்டினார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காகத் தங்கள் கையால் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை மெஷின் எழுதியது என்று அவை சொல்லின. கற்றுக்கொள்ளும் மொழியில் எழுதியவர்களின் உண்மையான தடுமாற்றங்கள் அவர்களைக் காப்பாற்றவில்லை. தெரிந்த எளிய சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் வியப்பு குறைந்துபோனதுதான் அவர்கள் செய்த தவறு. அதே கட்டுரைகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டி வாங்கியபோது தவறான குற்றச்சாட்டு வெகுவாகக் குறைந்தது. ஆசிரியர்கள் சிலர், சந்தேகம் வந்தால் டிடெக்டரின் சதவீதத்தை விட்டுவிட்டு, கூகுள் டாக்ஸில் அந்தக் கட்டுரை எந்தெந்த நேரத்தில் எப்படி வளர்ந்தது என்ற பதிப்பு வரலாற்றைக் காட்டச் சொல்கிறார்கள்.