ஒரு லட்சம் என்ற எல்லைக்கோடு

மலாக்காவில் அரசாங்கக் கிளினிக்கில் கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும் பெண்களில் சிலருக்குச் சிறுநீர் ‘கல்ச்சர்’ சோதனை எழுதிக் கொடுப்பார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை அது. சில நாள் கழித்து வரும் அறிக்கையில் 10⁵ CFU/mL என்று ஓர் எண் இருக்கலாம். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஒரு லட்சம் கிருமிகள் என்பது அதன் பொருள். அந்த எண்ணை ஆய்வுக்கூடம் எப்படிக் கண்டுபிடிக்கிறது, அது ஏன் சில நேரம் நம்மை ஏமாற்றுகிறது என்பதைப் பார்ப்போம்.

சிறுநீரில் கிருமி இருந்தாலே நோய் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீர்ப்பையில் சுத்தமாக இருக்கும் நீர்கூட வெளியே வரும் வழியில் தோலிலும் பெண்ணுறுப்பின் ஓரத்திலும் உள்ள கிருமிகளைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டுதான் போத்தலில் விழுகிறது. குழாய் விட்டு எடுத்தால் இந்தக் கலப்பு குறையும். ஆனால் அந்தக் குழாயே கிருமியை உள்ளே கொண்டுபோய்விடும் ஆபத்து உண்டு. 1950களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் எட்வர்ட் காஸ் இதற்கு ஒரு வழி கண்டார். கிருமி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்.

அதன் அடிப்படை எளியது. சிறுநீர் கிருமிகளுக்கு நல்ல உணவு. உண்மையான தொற்று இருந்தால், இரவு முழுவதும் சிறுநீர்ப்பையில் தங்கும் நீரில் அவை பெருகி லட்சக்கணக்கில் ஆகிவிடும். வழியில் ஒட்டிக்கொண்டு வந்தவை பெரும்பாலும் சில நூறு, சில ஆயிரத்தோடு நின்றுவிடும். காஸ் எண்ணிப் பார்த்தபோது முடிவுகள் இரண்டு குவியல்களாகப் பிரிந்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில்தான் ஒரு லட்சம் என்ற கோட்டைப் போட்டார். அது இயற்கை வகுத்த எல்லை அல்ல, புள்ளிவிவரம் பார்த்து வரைந்த கோடு. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணிடம் ஒரு முறை அந்த எண் வந்தால், அது உண்மைத் தொற்றாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 80 விழுக்காடு. இரண்டாம் மாதிரியிலும் அதே கிருமி வந்தால் 95 விழுக்காடு என்று கணக்கிட்டார்.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் போவோம். நுனியில் சிறு வளையம் உள்ள ஒரு கம்பியைச் சிறுநீரில் நனைத்து எடுக்கிறார்கள். அந்த வளையம் பிடிக்கும் அளவு ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை ஜெல்லி போன்ற உணவு பரப்பிய தட்டில் தேய்த்து, உடல் வெப்பத்தை ஒட்டி 35 முதல் 37 டிகிரியில் ஓர் இரவு வைக்கிறார்கள். தட்டில் தனியாக விழுந்த ஒவ்வொரு கிருமியும் பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகிறது. இதைக் காலனி என்பார்கள். காலையில் காலனிகளை எண்ணி ஆயிரத்தால் பெருக்குவார்கள். 40 காலனி என்றால் 40,000. 100 காலனி என்றால் ஒரு லட்சம். கூட்டம் எண்ண முடியாத அளவு நெருங்கிவிட்டால் ‘ஒரு லட்சத்துக்கு மேல்’ என்று எழுதிவிடுவார்கள்.

எண்ணிக்கையைப் போலவே வகையும் முக்கியம். தட்டு முழுவதும் ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில் காலனிகள் இருந்தால் அது தொற்றின் அடையாளம். பெரும்பாலும் அது குடலில் வாழும் இ. கோலி கிருமியாக இருக்கும். மூன்று, நான்கு வகைகள் கலந்து கிடந்தால், எண்ணிக்கை அதிகமாக இருந்தாலும் ‘கலப்பு வளர்ச்சி, மாதிரியை மீண்டும் அனுப்பவும்’ என்றே அறிக்கை வரும். ‘மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்களே’ என்று பலர் சலித்துக்கொள்வது உண்டு. ஆனால் அந்த அறிக்கையை வைத்து மருந்து கொடுத்தால் தோலில் இருந்த கிருமிக்குத்தான் வைத்தியம் நடக்கும்.

நம் ஊர் வெப்பத்தில் வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் கர்ப்பிணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 6.30 மணிக்கு வீட்டில் சிறுநீர் பிடித்து வைக்கிறார். கணவர் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போகும்போது மணி 10.30. “மிஸி, காலையிலேயே பிடிச்சிட்டேன்” என்று பெருமையோடு கொடுக்கிறார். போத்தலில் விழுந்தபோது ஒரு மில்லிலிட்டரில் இருந்தவை 2,000 கிருமிகள் மட்டும், எல்லாம் தோலிலிருந்து வந்த கலப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஒரு மணி நேரம் அவை பழகிக்கொள்வதில் போகிறது. பிறகு அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கின்றன. மூன்று மணி நேரத்தில் ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்கு. 2,000 இப்போது 128,000 ஆகிவிட்டது. தொற்றே இல்லாத ஒருவர் வழியிலேயே கோட்டைத் தாண்டிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் தட்டைப் பார்ப்பவருக்கு, இவை சிறுநீர்ப்பையில் பெருகியவையா போத்தலில் பெருகியவையா என்று தட்டை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை. நுண்ணோக்கி கொஞ்சம் உதவும். சீழ் அணுக்கள் போத்தலுக்குள் பெருகாது. கிருமி லட்சக்கணக்கில் இருந்தும் சீழ் அணுக்கள் இல்லை, தோலைச் சேர்ந்த செதிள் செல்கள் நிறைய இருக்கின்றன என்றால் சந்தேகம் வர வேண்டும். ஆனால் கர்ப்பிணிகளில் தொந்தரவே இல்லாமல் இருக்கும் தொற்றில் சில நேரம் சீழ் அணு இல்லாமலும் போகும். ஆகவே இதை வைத்து மட்டும் தள்ளிவிடக் கூடாது. இரண்டாவது மாதிரிதான் வழக்கைத் தீர்க்கும்.

அதனால்தான் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரியில் வைக்க வேண்டும் என்கிறார்கள். அந்தக் குளிரில் கிருமி சாவதில்லை, பெருகுவதுதான் நிற்கும். ஒரு நாள் வரை எண்ணிக்கையை நம்பலாம். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் வீட்டில் பிடித்து வருவதைவிட, கிளினிக்கிலேயே கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுப்பது மேல். காலை முதல் நீர்தான் சிறந்தது என்பது உண்மை. ஆனால் நான்கு மணி நேரம் வெயிலில் பயணம் செய்த முதல் நீரைவிட, புதிதாகப் பிடித்த இரண்டாவது நீர் நம்பத் தகுந்தது.

எண் தவறாகக் குறைவதும் உண்டு. நீர்க்கடுப்பு என்றதும் நம் வீடுகளில் இளநீரும் பார்லித் தண்ணீரும் வரும். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அடிக்கடி நீர் பிரிந்தால் சிறுநீர்ப்பையில் கிருமிக்குப் பெருக நேரம் கிடைக்காது, இருப்பதும் நீர்த்துப்போகும். போன தடவை மிச்சமான மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவருக்குத் தட்டில் ஒன்றுமே வளராமலும் போகலாம்.

இந்த இடத்தில் காஸின் கோடு சறுக்கியது. அவர் பார்த்தவர்கள் சிறுநீரகத் தொற்று உள்ளவர்களும், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களும். நீர் கழிக்கும்போது எரிச்சலோடு வரும் இளம்பெண்களுக்கும் அதே கோட்டைப் பலர் பயன்படுத்தினார்கள். 1982-இல் சியாட்டிலில் வால்டர் ஸ்டாம் குழுவினர், அத்தகைய பெண்களின் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உண்மையில் தொற்று இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தார்கள். எரிச்சல் உள்ள பெண்ணிடம் ஒரே வகைக் குடல் கிருமி நூறு இருந்தால்கூட அது தொற்றாக இருக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

ஆனால் நூறைப் பார்க்க மேலே சொன்ன வளையம் போதாது. அதில் ஒரு காலனி என்றாலே ஆயிரம். நூறு கிருமி உள்ள நீரில் பத்தில் ஒன்பது முறை தட்டு காலியாகத்தான் இருக்கும். பத்து மடங்கு பெரிய வளையம் எடுத்தால் ஒரு காலனிக்கு நூறு என்ற கணக்கு வரும். எந்த வளையத்தை எடுப்பது, மூன்று காலனியை அறிக்கையில் எழுதுவதா விடுவதா என்பதை ஆய்வுக்கூடம் முடிவு செய்யும்போது அதற்குக் கிடைக்கும் ஒரே துப்பு, மாதிரியோடு வரும் படிவம்தான். நீர்க்கடுப்பு உண்டா, காய்ச்சல் உண்டா, கர்ப்பமா, குழாய் வழியாக எடுத்ததா, மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா, எத்தனை மணிக்கு எடுத்தது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். வெறும் பெயரும் அடையாள அட்டை எண்ணும் மட்டும் உள்ள படிவத்தோடு வரும் 3,000 என்ற எண், ஆய்வுக்கூடத்தைப் பொறுத்தவரை யாருடையதாகவும் இருக்கலாம்.